வேலூர் வெயிலில் எந்த வாயு? பெயின்ட்பால் மைதானத்துக்கு ஓர் ஒப்பீடு

பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. சித்தப்பா மகன் அதில் ஒரு பகுதியை, வாயு அழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியால் வண்ணப் பந்துகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பால் விளையாட்டுக்கு மைதானமாக மாற்ற முடிவு செய்தான். வலை கட்டிவிட்டான், பழைய டயர்களையும் பீப்பாய்களையும் அடுக்கி மறைவிடங்கள் அமைத்துவிட்டான், வேறு ஊரில் மூடப்பட்ட ஒரு மைதானத்திலிருந்து பத்து துப்பாக்கிகளையும் வாங்கிவிட்டான். மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. "அண்ணா, கார்பன் டை ஆக்சைடு வாங்கட்டுமா, காற்றுச் சிலிண்டர் வாங்கட்டுமா?" என்று கேட்டான். நான் ராணிப்பேட்டையில் இருபது ஆண்டுகளாகக் கம்ப்ரசர் பழுதுபார்ப்பவன். அதனால் என்னிடம் கேட்டான்.

அவன் மனம் ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடின் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. சோடாக் கடைக்கும் தீயணைப்புக் கருவிக்கும் பயன்படும் அதே வாயு என்பதால் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. இந்த விளையாட்டே அந்த வாயுவில்தான் பிறந்தது. காட்டில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் இடுவதற்காக அமெரிக்காவில் செய்த நெல்ஸ்பாட் 007 என்ற கைத்துப்பாக்கியை வைத்து, 1981இல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் பன்னிரண்டு பேர் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். அதில் போட்டது 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி. இந்தக் கருவியை இன்றும் மார்க்கர், அதாவது குறியிடும் கருவி என்று அழைப்பதற்குக் காரணம் அந்த மரங்கள்தான்.

எந்த வாயு என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன், மார்க்கருக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குக் காட்ட விரும்பினேன். ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பினேன்.

விசையை இழுத்ததும் உள்ளே ஒரு கொக்கி விடுபடுகிறது. அது பிடித்து வைத்திருந்த சுத்தியலைச் சுருள்வில் முன்னால் தள்ளுகிறது. சுத்தியல் என்றால் கட்டைவிரல் தடிமனில் ஓர் எஃகு உருளை, அவ்வளவுதான். அது போய் வால்வின் ஊசியைத் தட்டுகிறது. வால்வு சில மில்லி விநாடிகள் திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் வெளியேறும் வாயுவில் ஒரு பகுதி முன்னால் போய்ப் பந்தின் முதுகில் மோதுகிறது. மறுபகுதி பின்னால் வந்து சுத்தியலைத் தள்ளிக் கொக்கியில் மறுபடி மாட்டிவிடுகிறது. அடுத்த சுடலுக்குத் துப்பாக்கி தயார். பந்து பறப்பதற்கு வெடிமருந்தோ தீப்பொறியோ எதுவும் தேவையில்லை.

இதில் ஒரு கணக்கு எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். பந்தின் விட்டம் 17 மில்லிமீட்டர், எடை சுமார் 3 கிராம். குழாயின் நீளம் 30 சென்டிமீட்டர். குழாயின் வாயிலில் பந்து விநாடிக்கு 280 அடி, அதாவது 85 மீட்டர் வேகத்தில் இருக்க வேண்டுமானால், குழாய் முழுவதும் அதன் முதுகில் சராசரியாக ஒன்றரை பார் அழுத்தம் இருந்தால் போதும். உராய்வையும் கசிவையும் சேர்த்தால் இரண்டு பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் டயருக்குள் இருப்பதும் அவ்வளவுதான். ஆனால் வால்வுக்கு முன்னால் காத்திருப்பது ஐம்பது, அறுபது பார். டயரைப் போல முப்பது மடங்கு அழுத்தத்தைப் பின்னால் நிறுத்திவைத்து, அதில் ஒரு சிட்டிகையை மட்டும் எடுத்துக் கொடுப்பதுதான் வால்வின் வேலை. அந்தச் சிட்டிகை கொஞ்சம் பெரிதானாலும் பந்தின் வேகம் ஏறிவிடும்.

சிட்டிகையின் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, சுத்தியல் எவ்வளவு பலமாகத் தட்டுகிறது என்பது. துப்பாக்கியின் பின்புறத்தில் இருக்கும் வேகத் திருகை உள்ளே முறுக்கினால் சுருள்வில் இறுகும், வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். இன்னொன்று, வால்வுக்கு முன்னால் நிற்கும் வாயுவின் அழுத்தம். முதலாவது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது எந்த வாயுவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தம்பி கேட்ட கேள்வி வந்து நிற்கும் இடம் இதுதான்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவத்தின் மேல் அதன் ஆவி நிற்கிறது. துப்பாக்கிக்குப் போவது அந்த ஆவி. அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 20 டிகிரியில் 57 பார், 25 டிகிரியில் 64, 30 டிகிரியில் 72. சிலிண்டரில் திரவம் முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அழுத்தம் மாறாது. குளிர்ந்த ஊர்களில் இது பெரிய வசதி. ஆனால் 31 டிகிரியைத் தாண்டியதும் கதை மாறுகிறது. அந்த வெப்பத்துக்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. உள்ளே இருப்பது முழுவதும் ஒரே அடர்ந்த வாயு. அதன் பிறகு சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதைப் பொறுத்து அழுத்தம் மாறும். 40 டிகிரியில், பாதிக்கும் குறைவாக இருக்கும் சிலிண்டரில் எண்பது பார் சொச்சம் இருக்கும். எடை பார்த்து முழுதாக நிரப்பிய சிலிண்டரில் ஏறக்குறைய 110 பார் இருக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிழலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் சாதாரணம். வெயிலில் மேசைமேல் கிடக்கும் சிலிண்டர் அதைவிடச் சூடாகும். மதியம் வரை விளையாட்டு நடந்தால், பத்துத் துப்பாக்கிகளில் பத்து விதமான அழுத்தம் இருக்கும்.

அழுத்தக் காற்று வேறு மாதிரி வேலை செய்கிறது. புட்டிக்குள் இருப்பது வெறும் காற்று, திரவம் எதுவும் இல்லை. 26 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் அதன் அழுத்தம் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் ஏறும். அந்தச் சிறு ஏற்றமும் துப்பாக்கியை எட்டாது. காரணம், புட்டியின் கழுத்திலேயே ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. உள்ளே 300 பார் இருந்தாலும் 100 பார் இருந்தாலும் வெளியே ஏறக்குறைய 55 பார் மட்டுமே விடும்படி அது அமைந்திருக்கிறது. உள்ளே இருப்பது அந்த 55க்குக் கீழே இறங்கும் வரை வால்வுக்கு முன்னால் ஒரே அழுத்தம்தான்.

இவ்வளவும் ஏட்டுக் கணக்கு. தம்பிக்கு ஏட்டுக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. ஆகவே மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பிலேயே சோதித்தோம். ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டியின் பந்துகள், நிழலில் வைத்த பந்துகள். குழாயின் முன்னால் குரோனோகிராஃப் என்ற வேகமானி. பந்து அதன் இரண்டு கண்களைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தை அடிக் கணக்கில் காட்டும்.

காலை ஏழு மணிக்கு வெப்பநிலை 26 டிகிரி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மாட்டி, திருகைத் திருப்பி, பத்துச் சுடலில் சராசரி 270 அடி வரும்படி வைத்தோம். பிறகு திருகை யாரும் தொடவில்லை. சிலிண்டரை முழுதாக நிரப்பி, வெயில் படும் திண்ணையில் வைத்துவிட்டோம். பன்னிரண்டரை மணிக்கு எடுத்து மாட்டி முதல் பந்தைச் சுட்டபோது வேகமானி 305 காட்டியது. அடுத்தது 301. பிறகு வேகமாகத் தொடர்ந்து சுட்டதும் எண் இறங்கத் தொடங்கியது. 290, 281, 262. விரிவடையும் வாயு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் சிலிண்டரின் கழுத்து கைக்குச் சில்லென்று ஆகிவிட்டது, அதன்மேல் ஈரம் பூத்தது. ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி சுட்டோம். மீண்டும் 300க்குப் பக்கத்தில் வந்தது.

அழுத்தம் ஏறிய அளவுக்கு வேகம் ஏறவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அழுத்தம் கூடும்போது வால்வைப் பின்னாலிருந்து மூடும் விசையும் கூடுகிறது. அதனால் வால்வு சீக்கிரம் மூடிக்கொண்டு ஏற்றத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஆனால் முழுவதையும் அல்ல.

அதே துப்பாக்கியில் காற்றுப் புட்டியை மாட்டி, திருகை மறுபடி 270க்கு வைத்தோம். அந்த மதிய வெயிலிலேயே முப்பது பந்துகள். எல்லாம் 266க்கும் 277க்கும் இடையில் விழுந்தன. தம்பி அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சாக்பீஸால் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் எழுதிக்கொண்டே வந்தான்.

270க்கும் 305க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். வேகம் 13 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் உடம்பில் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 3 கிராம் பந்துக்கு 270 அடியில் 10 ஜூல், 305 அடியில் 13 ஜூல். காலையில் சரியாக அமைத்த துப்பாக்கி, யாரும் தொடாமலேயே மதியத்தில் கால் பங்குக்கு மேல் பலமாக அடிக்கிறது. அதைப் பிடித்திருக்கும் பையனுக்கு அது தெரியாது. எதிரில் நிற்பவனுக்கும் தெரியாது.

வெளியில் ஆடும் பெயின்ட்பாலில் 300 அடிதான் உச்சம் என்று உலகெங்கும் வைத்திருக்கிறார்கள். பல மைதானங்கள் 280இல் நிறுத்திக்கொள்கின்றன. கூரைக்குள் ஆடும் சிறிய இடங்களில் இன்னும் குறைவு. இந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. பந்தின் தோல் ஜெலட்டின். மருந்து மாத்திரையின் மென்கூடு போன்றது. அந்த வேகத்தில் அது உடம்பில் பட்டதும் உடைந்து, ஆற்றலில் ஒரு பகுதியை வண்ணத்தோடு சிதறடித்துவிடுகிறது. அடி வலிக்கும், சிவக்கும், சில நாள் கன்றிப்போயிருக்கும், அவ்வளவுதான். வேகம் கூடக்கூடத் தோல் கிழியத் தொடங்கும். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. முகக்கவசக் கண்ணாடியைச் சோதித்துச் சான்று தருவதே இந்த வேக வரம்பை மனதில் வைத்துத்தான். துப்பாக்கி வரம்பைத் தாண்டினால், கவசத்தின்மேல் பொறித்திருக்கும் சான்றுக்கும் நம் மைதானத்தில் பறக்கும் பந்துக்கும் தொடர்பு அற்றுப்போகிறது.

கண்ணைப் பற்றி மட்டும் நான் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன். பந்தின் விட்டம் கண் குழியின் எலும்பு வளையத்தைவிடச் சிறியது. கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் அந்த எலும்பு பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். பெயின்ட்பால் நேரே விழியில் போய் அமரும். விதிக்குள் இருக்கும் வேகத்திலேயே, கவசம் இல்லாத கண் கிழிந்து பார்வையே போகக்கூடும். ஆகவே வேக வரம்பு கவசத்துக்கு மாற்று அல்ல. கவசம் தாங்கும் எல்லைக்குள் பந்தை வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. ஏஎஸ்டிஎம் எஃப் 1776 என்ற தரக்குறி உள்ள பெயின்ட்பால் முகக்கவசம்தான் வேண்டும். வெல்டிங் கண்ணாடியோ பைக் ஹெல்மெட்டின் முன்தகடோ உதவாது.

தூரமும் கணக்கில் வரும். இலேசான பந்து என்பதால் காற்று அதைச் சீக்கிரம் தடுத்துவிடுகிறது. என் கணக்கில், 280 அடியில் கிளம்பும் பந்து 15 மீட்டர் போவதற்குள் வேகத்தில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடும். ஆனால் 3 மீட்டருக்குள் நூற்றுக்கு ஏழு பங்கு கூட இழக்காது. மாமரங்களுக்குப் பின்னால் ஒளிந்து ஆடும் தோப்பில் ஆபத்து அந்த 3 மீட்டரில்தான். அதனால் துப்பாக்கிகளை 270க்கு அமைப்பது, 280ஐ வரம்பாக வைப்பது என்று முடிவு செய்தோம்.

இனி செலவைப் பார்ப்போம். தம்பிக்குக் கவலையே அதுதான். கார்பன் டை ஆக்சைடுக்குத் தராசும் ஒரு நிரப்பு நிலையமும் போதும். காற்றுக்கு 300 பார் அழுத்தம் தரும் கம்ப்ரசர் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பத்துப் பாரோடு நின்றுவிடும். ஆனால் புட்டியை 300 வரை நிரப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆலைகளுக்கு வரும் பெரிய சிலிண்டர்கள் ஏறக்குறைய 47 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம். அதிலிருந்து 1.1 லிட்டர் புட்டியை நிரப்பினால் 150 வரை ஏறும். 60 பாருக்கு மேல் இருப்பதைத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், ஒரு நிரப்பலில் 300 சுடல் கிடைக்கும். ஓர் ஆட்டத்துக்கு அது தாராளம். ஒரு பெரிய சிலிண்டர் 110 பாருக்கு இறங்குவதற்குள் இருபது தடவைக்கு மேல் நிரப்பலாம். நைட்ரஜன் சிலிண்டரும் இதே வேலையைச் செய்யும். நம் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதானே.

ஆனால் ஆக்சிஜன் கூடவே கூடாது. வெல்டிங் பட்டறையில் சும்மா நிற்கிறது, அழுத்தமும் அதேதான் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். எங்களுக்கும் ஒருவர் சொன்னார். துப்பாக்கிக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானாகவே தீப்பற்றும், சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே. சிலிண்டரின் நிறத்தை நம்பாமல் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் குழாயை மாட்ட வேண்டும்.

இன்னொன்று, பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு மாற்றுவதும் நிரப்புதல்தான். வாயு சிலிண்டர் விதிகள் 2016இன்படி அழுத்த வாயுவை நிரப்ப உரிமம் வேண்டும். தோப்பில் நாமே செய்துகொள்ளலாம் என்று தம்பி நினைத்திருந்தான். நான் தடுத்தேன். உரிமம் உள்ள இடத்தில் நிரப்பி, முப்பது புட்டிகளைச் சுழற்சியில் வைத்துக்கொள்வது செலவு கூடுதல்தான், ஆனாலும் அதுவே வழி. புட்டியின்மேல் கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த தேதி அடித்திருக்கும். தேதி கடந்ததை எந்த நல்ல நிலையமும் நிரப்பாது.

கார்பன் டை ஆக்சைடுக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. ஓடும்போதும் குனியும்போதும் சிலிண்டர் தலைகீழானால், ஆவிக்குப் பதில் திரவமே வால்வுக்குள் பாயும். குழாயின் முனையில் வெள்ளைப் புகையும் பனித்துகளும் வந்தால் அதுதான் நடந்தது என்று அறியலாம். அந்தச் சுடலின் வேகம் எகிறும், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் உறைந்து விரிசல் விடும். டிசம்பர் காலையில் மட்டும் ஆடுபவர்களுக்கு, ஏலகிரி போன்ற உயரத்தில் ஆடுபவர்களுக்கு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வேகம் பார்க்கும் பொறுமை இருந்தால், இந்த வாயு போதுமானது. மே மாதப் பள்ளி விடுமுறையில் சமவெளியில் மைதானம் நடத்துபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

காற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ரெகுலேட்டருக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் உள்ளிருக்கை தேய்ந்துபோனால், துப்பாக்கி சும்மா இருக்கும்போது காற்று மெல்லக் கசிந்து வால்வுக்கு முன்னால் அழுத்தம் ஏறும். அப்போது ஓய்வுக்குப் பின் வரும் முதல் பந்து மட்டும் வேகமாகப் போகும், இரண்டாவது சரியாகிவிடும். பலர் வேகமானியில் முதல் எண்ணைத் தவறு என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததை எழுதிக்கொள்கிறார்கள். ஒதுக்க வேண்டிய எண் அல்ல அது. மறைவிடத்தில் ஐந்து நிமிடம் காத்திருந்து எழும் ஆட்டக்காரர் சுடுவது அந்த முதல் பந்தைத்தான்.

சிறுவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. 12.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய பந்து, எடை 1.2 கிராம் அளவில். 250 அடி வேகத்தில் அதன் ஆற்றல் மூன்றரை ஜூல்தான். தம்பி பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நான்கு சிறிய துப்பாக்கிகள் தனியாக வாங்கியிருக்கிறான். அவற்றுக்கும் முகக்கவசம் அதேதான்.

இப்போது தோப்பில் காற்றுதான். பத்துத் துப்பாக்கிகளின் வேகத் திருகுகளையும் சிறப்புச் சாவி இல்லாமல் திருப்ப முடியாதபடி மூடிவிட்டோம். காலையில் ஒரு தடவையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவையும், ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் வரும் முதல் பந்தை வேகமானியில் பார்க்கிறான். 280ஐத் தாண்டிய துப்பாக்கி அன்றைக்கு மேசையை விட்டு நகராது. போன வாரம் ஏழாம் எண் துப்பாக்கி முதல் பந்தில் 291 காட்டியது, அடுத்ததில் 272. புட்டியைக் கழற்றி எனக்கு அனுப்பியிருக்கிறான். ரெகுலேட்டரைப் பிரித்தேன். உள்ளிருக்கையில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல்.